ஜோஜோ சொன்ன நல்ல வார்த்தை

வேலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கடிதம் அனுப்பிய கையோடு, கொச்சிக் கம்பெனி பின்புலச் சரிபார்ப்புப் படிவம் ஒன்றையும் அனுப்பியிருந்தது. பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்து வீட்டில் லிபின் அதை நிரப்ப, அப்பா வேதமுத்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பி.காம் முடிச்ச வருசம் இருவத்தொண்ணுன்னு போடுலே."

"ஒரு பேப்பர் அரியர்ப்பா. சர்ட்டிபிகேட்டுல இருவத்திரெண்டுதான் இருக்கு."

"நீ ரிசார்ட்டுல மேனேஜரா இருந்தன்னு லயம் பூரா சொல்லி வச்சிருக்கேன்."

"லயத்துக்கு நீங்க சொல்லுங்க. படிவத்துக்கு நான் சொல்லுதேன்."

பதவி: வரவேற்பு மேசை உதவியாளர். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் விடுவிப்புக் கடிதத்தில் உள்ளபடியே; மொத்தம் பதினான்கு மாதம். மேலதிகாரி: ஜோஜோ, சூப்பர்வைசர், கைபேசி எண். அதற்குப் பிறகு நான்கு மாதம் சும்மா இருந்ததையும் எழுதி, சம்பளச் சீட்டுகளோடு அனுப்பினான். இவ்வளவு உண்மையை ஒரே படிவத்தில் பார்த்த வேதமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

எட்டாம் நாள் பதில் வந்தது. தகவல் ஒத்துப்போகவில்லை. லிபின் மேனேஜராக மூன்று வருடம் இருந்ததாக மேலதிகாரி சொல்கிறார். தன்னை ஜெனரல் மேனேஜர் என்றும் சொல்கிறார். இரண்டு வேலைநாளுக்குள் ரிசார்ட்டின் மின்னஞ்சலிலிருந்து விளக்கம் வராவிட்டால் வேலை கிடையாது.

லிபின் ரிசார்ட்டுக்கு ஓடினான்.

"அண்ணே, என்னயப் பத்தி யாரும் போன் பண்ணுனாங்களா?"

"ஒரு பொம்பளப்புள்ள பேசிச்சு," என்றார் ஜோஜோ. "என்ன வேல, எத்தன வருசம், குணம் எப்பிடின்னு. பொண்ணு வீட்டு ஆளுன்னு நெனச்சேன். இந்த மலையில வேற எதுக்குப் பையனப் பத்திப் போன்ல விசாரிப்பாக?"

"கம்பெனி பேரு சொல்லலையா?"

"என்னமோ இங்கிலீசுல சொல்லிச்சு. கல்யாணத் தரகர் ஆபீசுன்னு இருந்துட்டேன். மறுபடி எடுத்துக்கிடுவீங்களான்னு கேட்டுச்சு. எனக்கு மக இருந்தா குடுத்துருவேன்னுட்டேன்."

"சரி, நீங்க எதுக்கு ஜெனரல் மேனேஜர் ஆனீக?"

"நீ மேனேஜர்னு ஆயாச்சு. ஒனக்கு மேல நான் வெறும் சூப்பர்வைசரா இருக்க முடியுமாலே?"

லிபின் விஷயத்தைச் சொன்னதும், ரிசார்ட்டின் மின்னஞ்சலைத் திறந்து அவனைப் பற்றிய வரிகளை ஜோஜோ ஒரு நிமிடத்தில் தட்டி முடித்தார். உதவியாளர், பதினான்கு மாதம், முன்பு சொன்னது தவறு. தன் பெயருக்குக் கீழே பதவி போடும் இடத்தில்தான் விரல் நின்றுவிட்டது.

"இத யாரெல்லாம் படிப்பாக?"

"கம்பெனி மட்டும்."

"ஓனருக்குப் போகாதே?"

"போகாதுண்ணே."

'தலைமை சூப்பர்வைசர்' என்று அடித்தார். லிபின் திரையையே பார்த்தான். ஜோஜோ 'தலைமை'யை அழித்தார், ஒவ்வொரு எழுத்தாக. பிறகு அனுப்பு பொத்தானை லிபினையே அழுத்தச் சொன்னார்.