இரண்டு விநாடிக்குப் பின் வரும் பதில்

என் நாத்தனார் எழுபத்தோரு நாளாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணி, நான் பார்த்தேன்ல?"

"பார்த்திருப்ப. முதல்ல சாப்பிடு" என்பேன். வேறென்ன சொல்ல? அவள் மருத்துவமனையின் ஆறாவது மாடியில் நர்ஸ். நான் அதே கட்டிடத்தின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். மேலே நடப்பது எங்களுக்குப் புகாராக மட்டும்தான் வந்து சேரும்.

நடந்தது இதுதான். கையில் காயம் பழுத்துப்போன ஒரு தச்சர். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று சேரும்போதே சொல்லியிருக்கிறார். அது பதிவும் ஆகியிருக்கிறது. டாக்டர் அவசரத்தில் அதையே எழுதிவிட்டார். ஊசி போடும் முன் கடைசிச் சோதனை என் நாத்தனாருடையது. தச்சரின் மணிக்கட்டுப் பட்டையை ஸ்கேன் செய்தாள். திரையில் பச்சை நிறத்தில் 'ஒவ்வாமை எதுவும் இல்லை' என்று வந்ததாம். ஊசி போட்டாள். அரை மணி நேரத்தில் மனிதர் போய்விட்டார்.

மறுநாள் விசாரணைக்கு வந்தவர்கள் அதே திரையில் அதே எண்ணைத் திறந்தார்கள். கொட்டை எழுத்தில், சிவப்பாக, பெனிசிலின். அப்புறம் அவள் பேச்சை யார் நம்புவார்கள்? வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சில சமயம் டிவி ரிமோட்டை எடுத்து, பட்டையை ஸ்கேன் செய்வதுபோல சோபாவின் கைப்பிடியில் வைத்து அழுத்துவாள். சுவரைப் பார்ப்பாள். மறுபடி அழுத்துவாள். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அதைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்து போய்விடுவார். வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. 'திரையைப் பார்க்காமல் ஊசி போட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள்.

அந்த வாரம்தான் மருந்துக்கடைப் பிரிவுக்குப் புதிய நிரல் எழுத ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஒவ்வாமை ஏபிஐயை அவர்களும் கூப்பிட வேண்டுமாம். ஏபிஐ என்றால் பெரிய சங்கதி இல்லை: நோயாளி எண்ணைக் கொடுத்தால் அவருடைய ஒவ்வாமைப் பட்டியலைத் திருப்பித் தரும் சின்ன சேவை. வார்டில் இருக்கும் திரைகள் எல்லாம் அதைக் கேட்டுத்தான் காட்டுகின்றன. அதற்கு மூன்று வருடம் முன் ஒரு பக்கத்தில் டாக்குமென்ட் எழுதியவளும் நான்தான். அதைக் கூப்பிடும் நிரலை எழுதுகிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் எல்லாம். அதிலும் உதாரணத்தை மட்டும் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். மேலே நான் மாங்கு மாங்கென்று எழுதியதை ஒருத்தரும் படிப்பதில்லை.

"இந்தத் தடவை முழுசா எழுதிடுங்க" என்றார் பிரிவுத் தலைவர். அந்தச் சேவையை எழுதியவர் அவர்தான். எதைக் கேட்டாலும் அடுத்த வாரம் என்பார் என்பதால் எங்கள் அறையில் அவருக்கு 'அடுத்தவாரம்' என்றே பெயர்.

முழுசாக எழுத வேண்டுமென்றால் நினைவை நம்பக் கூடாது. நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். எண் தவறாக இருந்தால் 400 என்ற பிழைக் குறியீடு. அப்படி ஒரு நோயாளியே இல்லையென்றால் 404. எல்லாம் சரியென்றால் 200, கூடவே பட்டியல். அதற்குக் கீழே இருந்த நான்கு வரியைப் படித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பட்டியல் இருப்பது வேறொரு பழைய சர்வரில். அது இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால், இது காத்திருப்பதை நிறுத்திவிட்டு, காலிப் பட்டியலை அனுப்பிவிடும். பிழை என்று சொல்லாது. எல்லாம் நலம் என்பதுபோல 200 என்றே சொல்லும்.

இது எனக்குத் தெரியும். சத்தியமாக, முன்பே தெரியும். அந்தப் பக்கத்தை எழுதிய அன்றைக்கு அடுத்தவாரம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னது காதிலேயே கேட்டது: "அத எழுதாதீங்க. அது தற்காலிகம்தான், அடுத்த வாரம் மாத்திடறேன்." மாறப்போவதை எழுதுவானேன் என்று நானும் விட்டுவிட்டேன். என் பக்கத்தில் இருந்தது ஒரே வரி: 'ஒவ்வாமை இல்லையென்றால் பட்டியல் காலியாக வரும்.' அதை நம்பித்தான் வார்டுத் திரையை எழுதியவன் காலியைப் பச்சையாக்கியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல வாயில்லை.

தச்சரின் எண்ணைப் போட்டுக் கேட்டேன். பெனிசிலின். மறுபடி கேட்டேன். பெனிசிலின். பதினொரு மணிக்கு அந்தப் பழைய சர்வரில் ரிப்போர்ட் ஓடும். அப்போது அது ஆமை வேகம்தான். பதினொன்று அடித்ததும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். ஒன்பதாவது தடவை திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு 200. காலிப் பட்டியல். செத்துப்போன மனிதருக்கு எந்த ஒவ்வாமையும் இல்லை என்று என் கண்ணெதிரே சொன்னது. சலவை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பத்தாவது தடவை பெனிசிலின் திரும்பி வந்திருந்தது. அவள் பார்த்தது இதைத்தான்.

யார் எப்போது கேட்டார்கள் என்று சேவை எழுதிவைக்கும் லாக் தொண்ணூறு நாள்தான் இருக்கும். அன்றைய தேதியைத் தேடினேன். 11:07. ஆறாவது மாடித் திரை. எடுத்த நேரம் 2003 மில்லி விநாடி. திருப்பித் தந்தது பூஜ்யம். மறுநாள் விசாரணைக்காரர்கள் கேட்டபோது 140 மில்லி விநாடி, திருப்பித் தந்தது ஒன்று.

இரண்டையும் எடுத்துக்கொண்டு அடுத்தவாரத்திடம் போனேன். வெகுநேரம் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"இத இன்னிக்கே சரி பண்றேன். இனி பழைய சர்வர் லேட் பண்ணா 504 பிழை வர்ற மாதிரி மாத்திடறேன். டாக்குமென்ட்ல 504னு மட்டும் போடுங்க. பழசப் பத்தி எழுத வேணாமே."

"பழைய பக்கத்த நம்பி எழுதினவங்க இன்னும் காலின்னா இல்லைன்னுதான் நெனைச்சிட்டிருக்காங்க. அவங்களுக்கு யாரு சொல்றது?"

"சரியாயிடுச்சுன்னா அது எதுக்கு? அடுத்த வாரம் நிதானமா உக்காந்து…"

அவரே பாதியில் நிறுத்திவிட்டார். நான் தாள்களை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அங்கேயே நின்றிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்டிருப்பேன். அதில் பாதி என்னையே கேட்டதாக இருந்திருக்கும்.

என் இடத்துக்கு வந்து எழுதினேன். இதுவரை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இந்தச் சேவை எப்படி நடந்துகொண்டது, பழைய சர்வர் தாமதித்தால் 200-உடன் காலிப் பட்டியல் வந்தது, முந்தைய பக்கத்தில் இது சொல்லப்படவில்லை, 504 வந்தால் 'தெரியவில்லை' என்று காட்ட வேண்டும், ஒருபோதும் 'இல்லை' என்று காட்டக் கூடாது. ஒருத்தரும் படிப்பதில்லையே என்று அதை உதாரணத்துக்கு உள்ளேயே வைத்தேன். வெளியிட்டேன். ஏபிஐயைக் கூப்பிடும் எல்லாப் பிரிவுக்கும், விசாரணைக் குழுவுக்கும், லாக்கின் இரண்டு வரியோடு அனுப்பினேன். அடுத்தவாரத்துக்கும் ஒரு பிரதி.

அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாத்தனார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வெள்ளைத்தாள், 'திரையைப் பார்க்காமல்' வரை எழுதி நிறுத்தியிருந்தாள். என் தாளை அதன்மேல் வைத்தேன். 11:07-ஐ விரலால் காட்டினேன். அவளுக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னேன்.

"அப்போ நான் பார்த்தேன்" என்றாள்.

"பார்த்த. பச்சையாத்தான் வந்துச்சு."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாளை மேலிருந்து மறுபடி படித்தாள். முந்தைய பக்கத்தில் சொல்லப்படவில்லை என்ற இடத்தில் நின்றாள்.

"அந்தப் பழைய பக்கத்த எழுதினது யாரு அண்ணி?"

"நான்தான்."

"இது இப்படி வரும்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும். எழுதாம விட்டுட்டேன். அப்புறம் மறந்தே போச்சு."

சமையலறையில் அவள் அண்ணன் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தோரு நாளாகப் 'பார்த்திருப்ப' என்று நான் சொன்னதெல்லாம் அவள் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். பிறகு பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

"வார்டுல எத எழுதினாலும் கீழ கையெழுத்தும் தேதியும் இருக்கணும். இல்லைன்னா அது செல்லாது. போடுங்க."

கையெழுத்துப் போட்டேன். இன்றைய தேதியை எழுதப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இன்னிக்குத் தேதி வேணாம்" என்றாள். "மூணு வருஷம் முன்னாடி எழுதாம விட்டீங்கல்ல, அந்தத் தேதி."