நானூற்றைம்பது பேர்

இஞ்ஞாசிமுத்துவுக்கு இடுப்பில் ஆணி அடித்தது போல் வலித்தது. காலையிலிருந்து நான்கு தோட்டங்கள். சிவப்பு மண் ரோட்டில் மோட்டார் சைக்கிளை இறுக்கிப் பிடித்தே ஓட்டியதில் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. கடை வாசலில் மோட்டாரைச் சாய்த்துவிட்டு, கேசட் பெட்டியை இறக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, உள்ள வாங்க. பெட்டி கெடக்கட்டும்," என்றாள் பிரிஜெட். கடையின் கணக்குப்பிள்ளை அவள்தான். குரலில் அவசரம் இருந்தது.

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் அழகேசன் நடத்திய வீடியோ கிளப் அது. மாதம் பன்னிரண்டு வெள்ளி கட்டினால் வாரம் இரண்டு கேசட் தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்கே வரும். கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் வாங்கி வருவது இஞ்ஞாசிமுத்துவின் வேலை. முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர், இப்போது மோட்டார் ஓட்டுகிறார்.

எண்பத்தைந்து ஜனவரி முதல் வாரம். மதியம் பினாங்கிலிருந்து பரஞ்சோதி வருகிறார். கேசட் மொத்தமாகத் தரும் கம்பெனியின் ஆள். ஏப்ரல் முதல் ஒரு வருடத்துக்கு மாதம் நானூற்றைம்பது உறுப்பினருக்கான கேசட்டுகளை அழகேசன் எடுக்க வேண்டும். தலைக்கு ஐந்து வெள்ளி. உறுப்பினர் குறைந்தாலும் பணம் குறையாது. திக்காம் பத்துவில் இருக்கும் அழகேசன் வீட்டின் கிராண்டை, வீட்டுப் பத்திரத்தை, பிணையாக வைக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றால் அதே தொழில் செய்யும் எதிர்க்கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

நானூற்றைம்பது வரும் என்று சொன்னது பிரிஜெட்தான். டிசம்பர் கடைசியில் உறுப்பினர் புத்தகத்தில் பெயர் நானூறு. மாதம் அறுபது பேர் புதிதாகச் சேர்கிறார்கள். நூற்றுக்குப் பத்துப் பேர் போகிறார்கள். ஜனவரியில் நாற்பது போய் அறுபது வந்தால் நானூற்றிருபது. பிப்ரவரியில் நாற்பத்திரண்டு போய் அறுபது வந்தால் நானூற்று முப்பத்தெட்டு. மார்ச்சில் நாற்பத்து நாலு போய் அறுபது வந்தால் நானூற்று ஐம்பத்து நாலு. அதை அழகேசனிடம் காட்டியபோது அவர் மூன்று முறை வாய்விட்டுப் படித்தார். அன்று சாயங்காலமே பரஞ்சோதிக்குப் போன் போட்டார்.

"நேத்து ரசீதெல்லாம் மறுபடி எண்ணுனேன்," என்றாள் பிரிஜெட். "டிசம்பர்ல காசு கட்டுனது முன்னூத்தம்பது பேர்தான். மிச்ச அம்பது பேரு?"

"அடுத்த மாசம் தரேன்னாங்க."

"நிறுத்துறேன்னு யாரும் சொல்லலையா?"

இஞ்ஞாசிமுத்து சிரித்தார். "நம்ம சனம் எந்தக் காலத்துல மூஞ்சிக்கு நேரா வேணாம்னிச்சு? கோப்பி போட்டுக் குடுத்து, அடுத்த மாசம் வாங்கண்ணேன்னுதான் அனுப்பும். கேசட்ட மட்டும் ஒழுங்கா வாங்கிக்கும்."

"திரும்பக் கட்டுவாங்களா?"

"பத்துல ஒருத்தன் கட்டுனா பெரிசு."

பிரிஜெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் கட்டாதவரின் பெயரைத்தான் புத்தகத்திலிருந்து அடிக்க வேண்டும் என்பது அழகேசன் வைத்த சட்டம். மழையில் பால் வெட்டு குறைந்தால் தோட்டத்து மளிகைக்கடைக்காரன் பொறுக்கவில்லையா, நாம் பொறுக்கக் கூடாதா என்பார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சட்டத்தால் டிசம்பரில் அவள் அடித்த நாற்பது பேரும் நவம்பரிலேயே நின்றவர்கள். டிசம்பரில் நின்ற ஐம்பது பேர் இன்னும் நானூறுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். போனவர்களைக் குறைவாகவும் இருப்பவர்களை அதிகமாகவும் அவள் எண்ணியிருந்தாள்.

அழகேசன் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் உறைக்குள் கிராண்ட்.

"போஸ், ஒரு நிமிசம். கணக்கு தப்பு."

"எந்தக் கணக்கு?"

அவள் சொன்னாள். நவம்பரில் காசு கட்டியவர் முன்னூற்று நாற்பது. அதில் ஐம்பது பேர் டிசம்பரில் கட்டவில்லை, அறுபது பேர் புதிது, ஆக முன்னூற்றைம்பது. நூற்றுக்குப் பத்து இல்லை, பதினைந்து போகிறது. முன்னூற்றைம்பதிலிருந்து தொடங்கினால் ஜனவரி முன்னூற்று ஐம்பத்தெட்டு, பிப்ரவரி முன்னூற்று அறுபத்து நாலு, மார்ச் முன்னூற்று அறுபத்தொன்பது.

"அதுவும் மாசா மாசம் அறுபது பேர் சேர்ந்தாத்தான். எல உதிர்ற காலம் வருது போஸ். பால் கொறஞ்சா யாரு வீடியோ பாப்பா?"

"நாலு நாளைக்கு முன்னால நானூத்தம்பத்தி நாலுன்னே."

"தப்பா சொன்னேன்."

"இன்னிக்கு முன்னூத்தி அறுபத்தொம்பது. நாளைக்கு எத்தன சொல்லுவே? நாலு நம்பர் லாட்டரிக் கடையில சொல்ற மாதிரி?"

பிரிஜெட்டின் முகம் சிவந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "ஏப்ரலுக்கப்பறம் ஏறிடும்னு நெனைக்காதீங்க. பதினஞ்சு போயி அறுபது வந்தா, நானூறுக்கு மேல எப்பவும் போகாது. நானூறு ஆனா அறுபது போகும், அறுபது வரும். அங்கேயே நிக்கும்."

"கட்டாத அம்பது பேர்கிட்ட அண்ணே போயி ஒரு தடவை கேட்டா கட்ட மாட்டானுங்களா? எல்லாம் நம்ம சனம்லா."

அழகேசன் இஞ்ஞாசிமுத்துவைப் பார்த்தார். இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். இஞ்ஞாசிமுத்து கண்ணை விலக்கவில்லை.

"போயிக் கேட்டா கோப்பி குடுப்பாங்க தம்பி. காசு குடுக்க மாட்டாங்க. கையெழுத்துப் போடாத."

"நான் போடலேன்னா எதிர்க்கடைக்காரன் போடுவான். அவனுக்குப் புதுப்படம், எனக்கு பழசு. அப்ப இந்த முன்னூத்தம்பதும் எங்க இருக்கும்?"

அதிலும் நியாயம் இருந்தது.

வாசலில் கார் நின்றது. பரஞ்சோதி கார் ஏர்கண்டிஷனில் குளிர்ந்த கையோடு உள்ளே வந்து அழகேசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாள்களை மேசையில் விரித்தார்.

அழகேசன் பேனாவைத் திறக்காமல் கேட்டார். "முன்னூத்தி எழுபதுக்குப் போட முடியுமா?"

பிரிஜெட் ரசீதுக் கட்டை மேசைப் பக்கம் நகர்த்தினாள்.

"நாலஞ்சு நாளைக்கு முன்னால போன்ல நானூத்தம்பத்தி நாலுன்னீங்க. என் மேல இருக்கறவங்ககிட்ட அதச் சொல்லித்தான் இந்த ஏரியாவ வாங்கி வச்சிருக்கேன். முன்னூத்தி எழுபதுன்னா எங்க கம்பெனி பேசாது, அழகேசன்." பரஞ்சோதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எதிர்ல ஒரு டீ குடிச்சிட்டு வரட்டுமா?"

எதிரில் என்றால் எதிர்க்கடை.

"அரை வருசத்துக்கு மட்டும்னு போட முடியுமா சார்?" என்றாள் பிரிஜெட்.

"நீ யாரும்மா?"

"கணக்கு பாக்குறேன்."

"அப்ப நானூத்தம்பத்தி நாலு நீ போட்டதா?" பரஞ்சோதி சிரித்தார். அதில் கேலி இருந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

அழகேசன் கையெழுத்துப் போட்டார். ஒரு தாள், இரண்டாவது, மூன்றாவது. பேனா கடைசித் தாளில் மை விட்டது. கிராண்ட் உறையை மேசையில் தள்ளிவைத்தார். பரஞ்சோதி அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் போனபின் அழகேசன் இஞ்ஞாசிமுத்துவிடம், "பாலிங் பக்கம் நாளைக்கே போங்கண்ணே. புதுசா நூறு பேர சேக்கணும்," என்றார்.

"இந்த இடுப்போட நூறு பேரா?"

"சேக்கணும்," என்றார் அழகேசன் மறுபடி. யாரையும் பார்க்காமல் சொன்னார்.

இஞ்ஞாசிமுத்து போனார். அந்த மாதம் எழுபத்திரண்டு பேரைச் சேர்த்தார். பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்தன. வெட்டும் நாட்கள் குறைந்தன, சேர்ந்தவர்கள் நாற்பத்தாறு. மார்ச்சில் நாற்பத்தொன்று. புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாம் மாதமே அடுத்த மாசம் என்றார்கள். மார்ச் கடைசியில் பிரிஜெட் ரசீதுகளை எண்ணினாள். முன்னூற்று நாற்பத்தாறு. அழகேசனிடம் சொன்னாள். இரண்டு மாதச் சட்டத்தை எடுத்துவிட்டு, ஒரு மாதம் கட்டாவிட்டாலே பெயரை அடிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

ஏப்ரலில் கம்பெனிப் பெட்டிகள் நானூற்றைம்பதுக்கு வந்தன. உறுப்பினர்கள் கட்டிய காசு கடை வாடகைக்கும் பெட்ரோலுக்கும் இஞ்ஞாசிமுத்துவின் சம்பளத்துக்கும் போய், மிச்சத்தில் முன்னூற்று நாற்பத்தாறு பேருக்கான பங்கை மட்டும் பினாங்குக்கு அனுப்ப முடிந்தது. கிராண்ட் இன்னும் பரஞ்சோதியின் கம்பெனியில் இருக்கிறது. ஏப்ரல் மாதத்துக்கு நூற்று நாலு பேருக்கான ஐந்நூற்றிருபது வெள்ளியை, மே பிறந்தும், அழகேசன் இன்னும் கட்டவில்லை.