திரும்பி வந்தவருக்கு ஒரு வகுப்பு

பாலம் கட்டக் குடும்பத்தோடு வெளிநாடு போன பொறியாளருக்கு விசா, வீடு, பிள்ளைக்குப் பள்ளி என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள் கம்பெனியின் மனிதவள அதிகாரிதான். "அங்க பேச்சுத்துணைக்குக்கூட யாரு இருக்கா மேடம்?" என்று அவர் மனைவி கண்ணைக் கசக்கியபோது, அங்கிருந்த குடும்பங்களோடு போனில் பேசவைத்துத்தான் அனுப்பினாள். இரண்டு வருடமும் ஒரு குறை இல்லை.

திரும்பி வந்த மாதமே மனைவி மூச்சிரைக்க வந்து நின்றாள். "மேடம், இவரோட குடும்பம் நடத்த முடியல. பஸ் லேட்டானா, 'அங்கெல்லாம் இப்படியா?' பக்கத்து வீட்ல டிவி சத்தம் கேட்டா, 'அங்கெல்லாம் இப்படியா?' கொஞ்சம் சத்தமா சிரிச்சாருன்னு எங்க அண்ணனையே முறைக்கிறாரு!"

அதிகாரிக்குச் சுருக்கென்றது. போவதற்குப் பயிற்சி கொடுத்தவள், வருவதற்குக் கொடுக்க மறந்துவிட்டாள். மறுநாளே இருவரையும் உட்காரவைத்துப் பழைய வகுப்பையே எடுத்தாள். நாட்டின் பெயரை மட்டும் மாற்றினாள். உள்ளூர்க்காரர்களைக் குறை சொல்லாதீர்கள். எதையும் ஒப்பிடாதீர்கள். முதல் சில மாதம் எரிச்சல் வரும், அது சகஜம்.

பொறியாளர் பவ்யமாகக் கேட்டுக்கொண்டு, "இந்த ஊர்ல எத்தனை வருஷம் மேடம்?" என்றார்.

மனைவி முந்திக்கொண்டாள். "அது நீங்க நடந்துக்கிறதைப் பொறுத்து."