ரியாலுக்கு ஆயிரம் பைஸா

விருதுநகர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் செல்வக்குமாரின் கடைப்பலகையில் மூன்று வரிகள் உண்டு. ஜெராக்ஸ், டைப்பிங், அரபி–ஆங்கில மொழிபெயர்ப்பு. முதல் இரண்டுக்குத்தான் கூட்டம் வரும், ஆனால் வீட்டு வாடகையைக் கொடுப்பது மூன்றாவது. மஸ்கட்டில் ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸில் ஒன்பது வருஷம் இருந்தவன் அவன். அவன் முத்திரை வைத்த தாள் என்றால் விருதுநகர், சிவகாசி பேங்குகளில் மறுகேள்வி வராது.

2005 ஜூலையில் ஒரு புதன்கிழமை. காலை பதினோரு மணிக்கு ரத்தினசாமி அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் ஃபைலுடன் வந்து உட்கார்ந்தார். சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர். அவருக்கு மஸ்கட்டிலிருந்து ஒரு ஆர்டர் வந்திருந்தது. பேரீச்சம்பழம் அடைக்கும் அட்டைப்பெட்டிகள், நான்கு கலரில் அச்சடித்து, ரம்ஜானுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ஒப்பந்தம் முழுக்க அரபியில் இருந்தது. அட்டை வாங்க பேங்கில் ஏற்றுமதிக் கடன் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஆங்கில மொழிபெயர்ப்பு மேஜைக்கு வந்தால்தான் கடன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அட்டை விலை ஏறப்போகிறது. ஏறினால் இந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்று இருக்காது.

"ரெண்டே ரெண்டு தாளு தம்பி. டீ வாரதுக்குள்ள முடிச்சிருவீகல்ல" என்றார்.

செல்வக்குமார் தாளைக் கையில் எடுத்தான். அவன் மனைவி பானுப்பிரியா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவன் வாசிக்க, அவள் அடிப்பாள்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். எழுத்து வலமிருந்து இடம் போனால் எண்ணும் அப்படித்தானே போகும் என்று கேட்டார். இல்லை, எழுத்து அந்தப் பக்கம் போனாலும் எண்ணை நம்மைப் போலவே இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும் என்று செல்வக்குமார் விளக்கினான். இதையெல்லாம் யாராவது கேட்டால் அவனுக்குக் குஷி வந்துவிடும். வட்டமாக இருப்பது சைபர் இல்லை, அதுதான் ஐந்து. சைபர் என்பது வெறும் புள்ளி. தசமத்துக்குப் புள்ளி வைத்தால் சைபராகிவிடும் என்பதால் அங்கே கமா போன்ற ஒரு குறி போடுவார்கள்.

"புள்ளிதான் சைபரா? அப்ப ஈ உக்காந்தாக்கூட ஒரு சைபர் கூடிப்போகுமே" என்றார் அண்ணாச்சி.

"அதுக்குத்தான் அண்ணாச்சி எழுத்துலயும் எழுதுதாக."

தொகையை எழுத்தால் எழுதும்போது அரபியில் இரண்டு பக்கமும் வேலி கட்டுவார்கள். முன்னால் 'மட்டும்' என்று ஒரு சொல், பின்னால் 'வேறில்லை' என்று இன்னொன்று. நடுவில் யாரும் எதையும் செருக முடியாது. ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு 'ஒன்லி' போதும். ரியால் என்று மட்டும் எழுதக் கூடாது, எந்த நாட்டு ரியால் என்றும் எழுத வேண்டும். சவுதியிலும் ரியால், கத்தாரிலும் ரியால், ஓமானிலும் ரியால். மூன்றுக்கும் விலை வேறு. அன்றைக்கு ஓமான் ரியால் ஒன்று நூற்றுப் பதினேழு ரூபாய் போல இருந்தது.

பானுப்பிரியா பெட்டிகளின் எண்ணிக்கையை அடித்தாள். கை பழக்கத்தில் இரண்டுக்குப் பின்னால் ஒரு கமா விழுந்தது. செல்வக்குமார் திரையைப் பார்த்துவிட்டு, மூலத்தில் லட்சக் கணக்கு இல்லை, ஆயிரக் கணக்கில் போடு என்றான். அவள் கமாவை நகர்த்தினாள். 246,010. இருநூற்று நாற்பத்தாறாயிரத்துப் பத்து பெட்டிகள். அந்தப் பத்தும் மாதிரிப் பெட்டிகள், அவற்றுக்கும் விலை உண்டு.

மொத்தத் தொகையின் வரிக்கு வந்ததும் செல்வக்குமார் வாசிப்பதை நிறுத்தினான். விரலை எண்ணின் மேல் வைத்தான். பிறகு பக்கத்தில் இருந்த எழுத்தின் மேல் வைத்தான். மறுபடியும் எண்ணுக்குப் போனான்.

எண்ணில் 18,450.750 ஓமான் ரியால் என்று இருந்தது. எழுத்திலோ பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரியாலும் எழுபத்தைந்து பைஸாவும் என்று இருந்தது.

"சரியாத்தான இருக்கு?" என்றார் அண்ணாச்சி. "முக்கா ரியாலு. எழுவத்தஞ்சு பைஸா."

இல்லை என்று செல்வக்குமார் தலையசைத்தான். நம் ரூபாய்க்கு நூறு பைசா. ஓமான் ரியாலுக்கு ஆயிரம் பைஸா. அதனால்தான் அங்கே தசமத்துக்குப் பின்னால் மூன்று இலக்கம். முக்கால் ரியால் என்றால் எழுநூற்று ஐம்பது பைஸா. எழுபத்தைந்து பைஸாவை எண்ணில் எழுதினால் .075 என்று வரும். இந்தத் தாளில் எண் ஒன்று சொல்கிறது, எழுத்து வேறொன்று சொல்கிறது.

வித்தியாசம் எவ்வளவு என்று அண்ணாச்சி கேட்டார். பானுப்பிரியா கால்குலேட்டரைத் தட்டினாள். எழுபத்தொன்பது ரூபாய்.

"எளவு, எம்பது ரூவாக்கா இம்புட்டு ரோசன? எழுத்துல எழுநூத்தம்பதுன்னு போட்டுருங்க தம்பி. யாரு பாக்கப்போறா?"

"அத நான் போடக் கூடாது அண்ணாச்சி. அவுக எழுதுனத இங்கிலீசுல சொல்லுறதுதான் எம் பொழப்பு. அவுக தப்ப நான் திருத்துனா அது என் ஒப்பந்தமாயிரும்."

அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. அப்படியே இரண்டு விதமாக எழுதிக்கொடுத்தால் மேனேஜர் திருப்பி அனுப்புவார் என்றார். அனுப்புவார்தான் என்று செல்வக்குமார் ஒப்புக்கொண்டான். முறை என்னவென்றால் இரண்டையும் உள்ளபடி எழுதி, கீழே 'மூலத்தில் இவ்வாறே உள்ளது' என்று குறிப்புப் போட வேண்டும். அதைத் தாண்டி ஒரு எழுத்து அவன் சேர்க்க முடியாது.

பிறகு அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, திருத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொன்னான். எண்ணும் எழுத்தும் மோதினால் பேங்குக்காரன் எழுத்தைத்தான் எடுப்பான். இந்த அரபித் தாளை வைத்து மஸ்கட் பேங்க் எல்.சி. திறக்கும், அதாவது பணத்துக்கு உறுதிக் கடிதம் கொடுக்கும். அதில் .075 என்று இருக்கும். அண்ணாச்சியின் பில்லில் .750 என்று இருக்கும். பில் கூடுதலாக இருக்கிறது என்று சொல்லி எல்லாப் பேப்பரையும் திருப்பிவிடுவார்கள். பெட்டி மஸ்கட் துறைமுகத்தில் கிடக்கும். அதன் வாடகை நாளுக்கு நாள் ஏறும். ரம்ஜான் போய்விடும்.

"எம்பது ரூவாக்கு" என்றார் அண்ணாச்சி. இந்த முறை குரல் சின்னதாக வந்தது.

டீ வந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. செல்வக்குமார் தாளின் மேற்பகுதிக்குப் போனான். ஒரு பெட்டியின் விலை எழுபத்தைந்து பைஸா. அங்கே எண்ணும் எழுத்தும் ஒத்துப்போயின. எண்ணிக்கையை விலையால் பெருக்கச் சொன்னான். பானுப்பிரியா பெருக்கினாள். 18,450.750 வந்தது. ஆக எண் சரி, எழுத்துதான் தப்பு.

அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. "அண்ணாச்சி, இந்தத் தொகைய ஓமான்காரன் சொல்லல. பொறந்ததுலருந்து ஆயிரம் பைஸா எண்ணுறவன் எழுநூத்தம்பத எழுவத்தஞ்சுன்னு சொல்லவே மாட்டான். கடைசி சைபரக் கண்டா வெட்டிட்டுப் படிக்கிறது நம்ம ஆளு. இத எழுதச் சொன்னது நம்மூர்க்காரன்."

அண்ணாச்சி அவனையே பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த ஆர்டரே ஊர்க்காவலன் மூலம் வந்ததுதான். காரியாபட்டிக்காரன், அண்ணாச்சியின் அச்சகத்தில் நாலு வருஷம் பில் எழுதியவன், இப்போது அந்த மஸ்கட் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறான். பழைய முதலாளியை அவன்தான் அங்கே சொல்லிவிட்டான்.

மணி பன்னிரண்டு ஐம்பது. செல்வக்குமாருக்கு வேறொரு கணக்கு ஓடியது. ஓமானில் விடுமுறை வியாழனும் வெள்ளியும். மஸ்கட் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மதியம் ஒரு மணிக்கு அந்தக் கம்பெனி முதலாளி கிளம்பினால் சனிக்கிழமைதான் திரும்புவார். அப்படியென்றால் இங்கே இரண்டரை மணிக்குள் திருத்திய தாளில் அவர் கையெழுத்து வேண்டும்.

ஊர்க்காவலனுக்குப் போன் போட்டார்கள். மூன்றாவது முறை லைன் கிடைத்தது. அண்ணாச்சி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ஏலே காவலா, எழுத்துல எழுவத்தஞ்சுன்னு யாருலே சொன்னது?"

ஊர்க்காவலன் முதலில் நலம் விசாரிக்கப் பார்த்தான். அண்ணாச்சி விடவில்லை. அரபி டைப் அடிப்பவருக்குத் தொகையைத் தானே வாய்விட்டுச் சொன்னதாக அவன் ஒப்புக்கொண்டான். "பாய்ண்ட் ஏழு அஞ்சுன்னா எழுவத்தஞ்சுதான அண்ணாச்சி?" என்றான். சொன்ன அந்த நொடியிலேயே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நாலு வருசமா தினமும் பைஸாவக் குடுத்து டீ குடிக்கேன். பேப்பர்ல வந்தா மட்டும் புத்தி காரியாபட்டிக்கு ஓடிருது" என்றான் பிறகு.

செல்வக்குமார் போனை வாங்கினான். பழைய எழுத்தின் மேல் அடித்துத் திருத்த வேண்டாம், அந்தத் தாளை முழுதாகப் புதிதாக அடியுங்கள் என்றான். எழுநூற்று ஐம்பது பைஸா என்று எழுத்தில் வர வேண்டும். முன்வேலியும் பின்வேலியும் அப்படியே இருக்க வேண்டும். முதலாளி கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் விழுந்ததும் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு, அசலை இன்றே கூரியரில் போடுங்கள் என்றான். முதலாளி இன்றைக்குச் சீக்கிரமே வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார் என்று ஊர்க்காவலன் சொன்னான். "ஓடுலே" என்று அண்ணாச்சி கத்தினார். ஸ்பீக்கரில் நாற்காலி விழும் சத்தம் கேட்டது.

செல்வக்குமார் பேங்குக்குப் போன் செய்து, ஃபேக்ஸ் பிரதியை வைத்துக்கொண்டு கோப்பைத் தொடங்குவார்களா என்று கேட்டான். அசல் வந்ததும் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் மேனேஜர் சரி என்றார்.

ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. அண்ணாச்சி ஆறிய டீயைக் குடித்துவிட்டு பானுப்பிரியாவின் டீயையும் எடுத்துக் குடித்தார். அவள் முதல் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு இருபதுக்கு ஃபேக்ஸ் மிஷின் கிறீச்சிட்டு, மெல்லிய தாளை அங்குலம் அங்குலமாகத் துப்பியது. முதலில் கம்பெனி பெயர் வந்தது, பிறகு பெட்டிகளின் எண்ணிக்கை, பிறகு தொகை. செல்வக்குமார் தாள் முழுதாக வெளியே வரும்வரை பொறுக்காமல் குனிந்து படித்தான்.

"எழுநூத்தம்பது" என்றான்.

கடைசியாகக் கையெழுத்தும் முத்திரையும் வந்தன. முத்திரை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவசரத்தில் குத்தியது தெரிந்தது.

அவன் வாசித்தான், பானுப்பிரியா அடித்தாள். ஓமான் ரியால் பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பதும் எழுநூற்று ஐம்பது பைஸாவும் மட்டும். குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. எண்ணையும் எழுத்தையும் அவன் ஒருமுறை பார்த்தான், அவளைத் தனியாகப் பார்க்கச் சொன்னான், பிறகு மையை ஒற்றித் தன் முத்திரையை நேராக வைத்தான்.

மூன்றரைக்கு அண்ணாச்சி பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பேனா முனையால் தசமத்துக்குப் பின்னால் இருந்த மூன்று இலக்கத்தைத் தொட்டு, இதில் ஒரு சைபர் கூடுதலாக இருக்கிறதே, டைப்பிங் பிழையா என்று கேட்டார்.

அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்டி இல்ல சார். நம்ம ரூவாக்கு நூறு. அவுக ரியாலுக்கு ஆயிரம்" என்று ஆரம்பித்தவர், ஈ உட்கார்ந்தால் சைபராகும் கதைவரைக்கும் சொல்லித்தான் நிறுத்தினார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கடன் கணக்கில் ஏறியது. சனிக்கிழமை மாலை, பழைய விலையிலேயே, முதல் லோடு அட்டை சிவகாசிக்கு வந்து இறங்கியது.