எட்டுப் பேர் கூலி

மலர்கொடி எழுதிக் கொடுத்த சீட்டை கவுன்டரில் இருந்த பெண் திருப்பி நீட்டினாள்.

"இருபத்தினாலாயிரம் இல்லையேம்மா. ஆறாயிரத்து அறுநூத்தி எண்பதுதான் இருக்குது."

"நேத்து சாயங்காலந்தாங்க போட்டாங்க. மெசேஜ் வந்துச்சு. நல்லா பாருங்க."

"வந்துச்சும்மா. காலையில போயிடுச்சு."

மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமக்கும் எட்டுப் பெண்கள் கொண்ட செட்டுக்கு மலர்கொடிதான் தலைவி. அளத்துக் கணக்குப்பிள்ளை கார்த்திகேசன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டுப் பேருடைய வாரக் கூலியையும் சேர்த்து அவள் நம்பருக்கு அனுப்புவார். சனிக்கிழமை காலையில் அவள் பேங்கில் எடுத்து, ஆளுக்கு மூவாயிரம் என்று பிரித்துக் கொடுப்பாள். மற்றவர்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். போன மாதம் சீசன் தொடங்கியதிலிருந்து இப்படித்தான் நடந்தது. யார் கையிலும் ஒரு ரூபாய் குறைந்ததில்லை.

இன்று ஏப்ரல் ஐந்தாம் தேதி. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன எடுத்தாங்கங்க?"

கவுன்டரில் இருந்தவள் பெயர் பிரியங்கா. சின்ன வயசு, பொறுமையான குரல். திரையைப் பார்த்துப் படித்தாள். "ஏழாயிரத்து நூத்தி எண்பது ஒண்ணு. பத்தாயிரத்து நூத்தி எண்பது ஒண்ணு. ரெண்டும் ஆட்டோ டெபிட். ஆப்புல போஸ்ட்பெய்டு எடுத்திருக்கீங்களாம்மா?"

எடுத்திருந்தாள். டிசம்பர் மழையில் அளம் முழுக்கத் தண்ணீர். வேலை கிடையாது. பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்தால் மேலேயே ஒரு பச்சைக் கட்டம்: இப்போது வாங்குங்கள், அடுத்த மாதம் கொடுங்கள், வட்டி இல்லை. இரண்டு தடவை விரலை வைத்தாள், ஆதார் ஓடிபி கேட்டது, பத்தாயிரம் லிமிட் வந்துவிட்டது. தவணை தேதியில் பேங்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்பதும் அதே இடத்தில் இருந்தது. அதற்கும் விரலை வைத்தாள். அரிசி, காஸ், மகள் ஷாலினியின் பரீட்சை ஃபீஸ் என்று எட்டாயிரத்து நானூறு போனது. கடையில் ஸ்கேன் பண்ணும்போது பேங்க் பணமா, போஸ்ட்பெய்டா என்று ஆப் கேட்கவில்லை. முதலில் போஸ்ட்பெய்டுதான் நின்றது. கையை விட்டுப் பணம் போகிற மாதிரியே இல்லை.

ஜனவரியில் கட்ட வேண்டிய நாள் நெருங்கியது. மளிகைக்கடை தேசப்பன்தான் வழி சொன்னான். இன்னொரு ஆப்பிலும் போஸ்ட்பெய்டு வாங்கு, என் கடையில் ஒன்பதாயிரத்துக்குச் சாமான் வாங்கின மாதிரி ஸ்கேன் பண்ணு, நூற்றுக்கு மூணு பிடித்துக்கொண்டு கையில் காசு தருகிறேன் என்றான். அதை வைத்து முதல் கடனைக் கட்டினாள். கட்டின மறுநாள் முதல் ஆப், நீங்கள் நல்ல வாடிக்கையாளர் என்று லிமிட்டைப் பதினைந்தாயிரம் ஆக்கியது. வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதிலிருந்து ஆறாயிரம் செலவாயிற்று.

பிப்ரவரி ஐந்தில் கணக்கில் பணம் இல்லை. மார்ச் ஐந்திலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆப்பும் தாமதக் கட்டணம் ஐந்நூறு, அதற்கு ஜிஎஸ்டி தொண்ணூறு என்று ஏற்றியது. பணம் இல்லாமல் டெபிட் திரும்பியதற்குப் பேங்க் தனியாக முந்நூறுக்குப் பக்கம் பிடித்தது. அந்தப் பிடித்தத்தால் மார்ச்சில் எடுத்த கூலி குறைந்து குறைந்து வந்தபோது தான்தான் தப்பாக எண்ணினேன் என்று நினைத்து அவள் தன் பங்கிலிருந்து ஈடுகட்டியிருந்தாள்.

"அது என் காசு இல்லங்க," என்றாள் மலர்கொடி. "ஏழு பொம்பளைங்க கூலி. திருப்பி வாங்கிக் கொடுங்க."

"உங்க பேர்ல இருக்குற கணக்கும்மா. நீங்க கொடுத்த சம்மதம். எங்களால திருப்ப முடியாது."

"ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"நேத்து எஸ்எம்எஸ் வந்திருக்கும் பாருங்க."

வந்திருந்தது. இங்கிலீஷில், மூன்று விளம்பரங்களுக்கு நடுவில்.

"இனிமே எடுக்காம இருக்க இந்த ஃபாரம் எழுதிக் கொடுங்க, ஆட்டோ டெபிட்டை நிறுத்திடலாம்," என்றாள் பிரியங்கா. "ஆனா அதோட கடன் போயிடாதும்மா. ஆப்புல பாக்கி இருந்தா ஃபைன் ஏறும், சிபில்ல, அதான் கடன் ரெக்கார்டுல, விழும். அங்கயும் கேட்டு மூடணும்."

மலர்கொடி ஃபாரத்தை நிரப்பி, மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கார்த்திகேசனுக்குப் போன் போட்டாள். அட்வான்ஸ் என்றதும் அவர் சிரித்தார். "ஏம்மா, நேத்துதானே முழுசா அனுப்பினேன்?" போனை வைத்துவிட்டார்.

ஆப்பின் கஸ்டமர் கேருக்குப் போட்டாள். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். பாட்டு ஓடியது. ஒரு குரல் இந்தியில் பேசிவிட்டுத் துண்டித்தது. மறுபடி போட்டாள். மறுபடி மூன்று, மறுபடி பாட்டு. வெயிலில் நின்று நான்காவது தடவை போட்டபோது அவளுக்கு போனைச் சாலையில் வீசி உடைக்க வேண்டும் போல இருந்தது.

அப்போது திரையில் ஒன்று வந்து விழுந்தது. பாக்கி செலுத்தியதற்கு நன்றி. உங்கள் பதினைந்தாயிரம் லிமிட் மீண்டும் தயார்.

ஏழு பேருக்கும் முழுசாகக் கொடுக்க அவளுக்கு இன்னும் தேவை பதினாலாயிரத்து முந்நூற்று இருபது.

நேரே தேசப்பன் கடைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் ஸ்கேன் அட்டையை முன்னால் நகர்த்தினான். "இதுக்கா இவ்ளோ அலைஞ்ச? பதினஞ்சு அடி. நானூத்தம்பது போக பதினாலாயிரத்து ஐந்நூத்தம்பது இப்பவே தர்றேன். யாருக்கும் தெரியவேணாம்."

ஸ்கேன் பண்ணினாள். பதினைந்தாயிரம் என்று அடித்தாள். பின் நம்பர் கேட்டது.

அடுத்த ஐந்தாம் தேதி பதினைந்தாயிரம் கட்ட வேண்டும். நாலு வாரம் ஒருநாள் விடாமல் சுமந்தால் அவள் கூலி பன்னிரண்டாயிரம். அதில் சாப்பிட வேண்டும். அப்போதும் கை வைக்கப்போவது எட்டுப் பேர் காசில்தான். அடுத்த மாதம் அதை அடைக்க இன்னொரு ஆப், இன்னொரு நூற்றுக்கு மூணு.

"என்னா யோசன?" என்றான் தேசப்பன்.

"வேணாங்க."

"வேற எங்க போய் வாங்குவ?"

அவள் போனை அணைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வழக்கமாகக் காத்திருக்கும் இடத்தில் ஏழு பேரும் இருந்தார்கள். மூத்தவள் அந்தோணியம்மாள் எழுந்து நின்றாள். "இன்னா மலரு, பதினோரு மணி ஆயிடுச்சி?"

மலர்கொடி எல்லாவற்றையும் சொன்னாள். மழைக்காலக் கடனை, இரண்டாவது ஆப்பை, தேசப்பனை, இப்போது அவன் கடையிலிருந்து வெறுங்கையோடு வந்ததை. நடுவில் அழுகை வந்தது.

"எங்க காச எடுத்து உன் கடன கட்டிக்கின," என்றாள் அந்தோணியம்மாள்.

"நான் எடுக்கலக்கா. அதுவா..."

"அதுவா எடுக்கறதுக்கு யாரு கையெழுத்து போட்டது? நானா போட்டேன்?"

தையல்நாயகிக்கு அன்று பிள்ளைக்கு மருந்து வாங்கியாக வேண்டும். வசந்தாவுக்கு வாடகை. இருந்த ஆறாயிரத்துச் சொச்சத்தை அந்தோணியம்மாளே வாங்கி, அவசரம் பார்த்துப் பிரித்தாள். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே அந்தோணியம்மாள் கார்த்திகேசனிடம் போய்ப் பேசினாள். இனி கூலி கையில் காசாகத்தான் வர வேண்டும், மலர்கொடி பங்கை ஐந்து வாரத்துக்கு மற்றவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். செட்டுத் தலைமையும் அந்தோணியம்மாளுக்குப் போனது. மலர்கொடி ஒன்றும் மறுக்கவில்லை. சாப்பாட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் ஏலம் போடும் இடத்தில் கூடை தூக்கப் போனாள்.

இரண்டு ஆப்பிலும் கணக்கை மூடச் சொல்லி மனு கொடுத்தாள். இங்கிலீஷில் ஷாலினிதான் எழுதிக் கொடுத்தாள். ஒன்று நாலு நாளில் மூடிவிட்டது. மற்றது, உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்றது.

மூன்றாவது வாரம் உப்புக்கூடையை இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. மூடாத ஆப்பின் கஸ்டமர் கேர். தமிழில், தேனாகப் பேசினாள் ஒருத்தி. "மேடம், கணக்கை மூட வேண்டாம். உங்களுக்கு லிமிட் இருபதாயிரம் ஆக்கித் தர்றோம்."

"மூடு," என்றாள் மலர்கொடி.

"மேடம், இதுல உங்களுக்கு என்ன நன்மைன்னா..."

"மூடும்மா! மூடுன்னு தமிழ்லதானே சொல்றேன்?"

அந்தோணியம்மாள் கூடையோடு நின்று திரும்பிப் பார்த்தாள்.

"லைன்ல இருங்க மேடம்," என்றது குரல். பாட்டு ஓட ஆரம்பித்தது. மலர்கொடி உப்புக் கையோடு போனைக் காதில் அழுத்திக்கொண்டு, வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.