பச்சை டப்பாவும் தவக்காலமும்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று மெர்சி காபியை விட்டாள், டீயையும் சேர்த்து. ஈஸ்டர்வரை இரண்டையும் தொடுவதில்லை என்று ஒறுத்தல் எடுத்தாள். சேரப்பணஞ்சேரியில் அவர்கள் தெருவில் கறியை விடுகிறவர்கள் உண்டு, சீரியலை விடுகிறவர்களும் உண்டு. பதினைந்து வயதில் காபியை விட்டவள் அவள் ஒருத்திதான். அவளுடைய அம்மா கலைமணி ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள். வரிசையில் தட்டேந்தி நிற்கிறவர்களிடமெல்லாம் மகளின் பக்தியைச் சொல்லிக்கொண்டே சாம்பார் ஊற்றினாள்.

ஒறுத்தல் எடுத்த கையோடு தலைவலி வந்தது. அதைத் தொடர்ந்து கொட்டாவி. விடியுமுன் கபடிப் பயிற்சி, பிறகு பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு டியூஷன். மாவட்ட சப் ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பதினாறு தாண்டினால் அந்த அணியில் இடம் கிடையாது. மெர்சிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

மாடி அறையில் பாண்டிச்செல்வி வாடகைக்கு இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஒருநாள் படிக்கட்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்த மெர்சியைப் பார்த்து நின்றாள்.

"ஏட்டி, என்ன மொகம் இப்படிச் செத்துக் கெடக்கு? இந்தா, இதக் குடி."

"அக்கா, நான் காபி, டீ தொடக் கூடாது."

"இது காபியும் இல்ல, டீயும் இல்ல. மூலிகை, ஏட்டி. எல போட்டிருக்கான் பாரு. நைட் ஷிப்டுல எங்க லைனே இதுலதான் முழிச்சிட்டிருக்கு."

பச்சை டப்பா. அதன்மேல் பெரிய இலை. 'இயற்கை மூலிகை ஆற்றல்' என்று கொட்டை எழுத்து. மெர்சி இலையைப் பார்த்தாள், கடவுளை நினைத்தாள், குடித்தாள். கொட்டாவி பறந்தது. அன்றிலிருந்து பயிற்சிக்கு முன் ஒன்று, டியூஷனுக்கு முன் ஒன்று. கபடி சொல்லிக்கொடுக்கும் மரகதம் டீச்சர்கூட "ரெய்டுல நல்ல வேகம்" என்றார். ராத்திரியில் தூக்கம் வரவில்லை. அதையும் தவக்காலத்தின் பலன் என்றே மெர்சி எண்ணி, கூடுதலாக ஒரு ஜெபமாலை சொன்னாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில், கூடுதலாக வைத்த மாலைப் பயிற்சியில் எதிரணிக்குள் ரெய்டு போய் வந்து உட்கார்ந்தாள். மூச்சு அடங்கியது. நெஞ்சு அடங்கவில்லை. விரல்கள் நடுங்கின. டீச்சர் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வேலை முடிந்து அந்த வழியாக வந்த கலைமணி மகளின் நெஞ்சில் கை வைத்தாள்.

"இன்னாடி இது, உள்ள மிஷின் ஓடற மாதிரி கீது?"

"ஆட்டத்துல அப்படித்தாம்மா இருக்கும்."

"ஆட்டம் முடிஞ்சி அரமணி நேரமாச்சின்றாங்க டீச்சர். போதும். நாளான்னிக்கி நீ எங்கயும் போவல."

மெர்சி வீடுவரை அழுதுகொண்டே வந்தாள். அழுததில் துடிப்பு இன்னும் கூடியது. அதைப் பார்த்துக் கலைமணியின் பயமும் கூடியது.

மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் சந்திரலேகா ஈசிஜி எடுக்கச் சொன்னார். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேள்விகளை ஆரம்பித்தார். மயக்கம் வந்ததுண்டா? இல்லை. ஆடும்போது நெஞ்சுவலி? இல்லை. வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் இதயக் கோளாறு? இல்லை.

"காபி, டீ எவ்வளவு குடிப்பே?"

கலைமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தொடவே மாட்டா டாக்டர். தவக்காலம்."

"சரி. வேற என்ன குடிப்பா?"

"மோரு, தண்ணி..."

"மூலிகை ஜூஸு," என்றாள் மெர்சி.

டாக்டர் ஈசிஜியைக் கீழே வைத்தார். "என்ன மூலிகை?"

பள்ளிப் பையிலிருந்து டப்பா வெளியே வந்தது. டாக்டர் இலைப் பக்கத்தைப் பார்க்கவில்லை. டப்பாவைத் திருப்பி, செல்போன் வெளிச்சத்தில் பொடி எழுத்தைப் படித்தார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். இரண்டு, டெஸ்ட் இருந்தால் மூன்று என்றாள் மெர்சி.

"அம்மா, உங்க பொண்ணு காபிய விடல. டம்ளரத்தான் மாத்தியிருக்கா."

கலைமணிக்குப் புரியவில்லை. டாக்டர் எழுத்தில் விரல் வைத்துக் காட்டினார். "குவாரானான்னு போட்டிருக்கு பாருங்க. தென் அமெரிக்காவுல வளர்ற ஒரு கொடியோட விதை. தூக்கத்த விரட்டற கஃபீன் காபிக் கொட்டையைவிட அதுல அதிகம். இது யெர்பா. இலைதான். அந்த ஊர்ல நம்ம டீ மாதிரி குடிப்பாங்க, அதுலயும் கஃபீன். மூலிகைங்கறது பொய் இல்ல. காபிச் செடியும் செடிதானே?"

"கஃபீன் எண்பது மில்லிகிராம்னு போட்டிருக்கே," என்று மெர்சி எட்டிப் பார்த்தாள்.

"அது தனியாச் சேர்த்தது மட்டுமா, இல்ல விதைக்குள்ள இருக்கறதும் சேர்த்தான்னு எழுதல. அந்த எண்பதையே வெச்சாலும் ரெண்டு டப்பா நூத்தி அறுபது. உன் வயசுக்கு நாள் முழுக்க எல்லாம் சேர்த்து நூறைத் தாண்டக் கூடாதுன்னு சொல்றோம். ஒரு காபியும் ஒரு சின்ன டீயும் குடிச்சாலே அதுக்குக் கிட்ட வந்துடும். இந்த டப்பா உனக்கு வேணவே வேணாம். பசங்களுக்கு ஏற்றதில்லன்னு அவனே போட்டிருக்கான், அடி ஓரத்துல. சாயங்காலம் குடிச்சா ராத்திரியும் உடம்புல பாதி நிக்கும். தூக்கம் எங்கிருந்து வரும்?"

மெர்சியின் முகம் சுருங்கியது. "அப்ப என் ஒறுத்தல்?"

"அத ஃபாதர்கிட்ட கேளு. எனக்கு ஈசிஜிதான் தெரியும்."

ஈசிஜியில் வேகத்தைத் தவிர வேறு கோளாறு இல்லை. நாளைய தேர்வைப் பற்றிக் கேட்க மெர்சிக்குத் தைரியம் வரவில்லை. கலைமணிதான் கேட்டாள், வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில்.

"இன்னிக்குப் பயிற்சி வேணாம். டப்பாவும் வேணாம். நல்லாத் தூங்கட்டும். காலைல கூட்டிட்டு வாங்க, துடிப்பு சரியா இருந்தா ஆடட்டும். தலை வலிக்கும், அது கஃபீன விட்டதுக்கு. ஆனா ஆடும்போது நெஞ்சு வலிச்சாலோ, கண்ணக் கட்டினாலோ, துடிப்பு தாறுமாறா ஓடினாலோ அங்கயே உட்காந்துடணும். உடனே ஆஸ்பத்திரி. வீரம் காட்டக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் கலைமணி சேலையைச் செருகிக்கொண்டு நேராக மாடிக்கு ஏறினாள். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். பாண்டிச்செல்வி கட்டிலடியில் அடுக்கியிருந்த டப்பாக்களையும் கலைமணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சத்தியமா மூலிகைன்னுதான் நெனச்சேன் அத்தை."

"நீ எத்தினி குடிப்பே?"

"ஷிப்டுக்கு நாலு."

"நாலா? உனுக்கு நெஞ்சு அடிச்சிக்கலியா?"

"அடிச்சிக்கும். டார்கெட்டால அப்படி அடிக்குன்னு நெனச்சேன்."

சண்டைக்குப் போனவள் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து, நாளைக்கே டாக்டரிடம் வா என்று அவளையும் மிரட்டிவிட்டு இறங்கினாள்.

சனிக்கிழமை காலை துடிப்பு சரியாக இருந்தது. டாக்டர் மணிக்கட்டை விட்டுவிட்டுத் தலையசைத்தார். கலைமணிக்குச் சம்மதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டுத் தேர்வு நடக்கும் காஞ்சிபுரத்துக்குக் கூடவே போனாள்.

தலை விண்விண்ணென்று தெறிக்க, மெர்சி முதல் ரெய்டில் யாரையும் தொடாமல் திரும்பினாள். இரண்டாவதில் பிடிபட்டாள். வெளியே உட்கார்ந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. அவள் பயந்துபோய்க் கவனித்தாள். மூச்சு அடங்க அடங்க அதுவும் தணிந்துகொண்டே வந்தது. எதிரே கயிற்றுக்கு அப்பால் நின்ற அம்மாவிடம் ஒன்றுமில்லை என்று கையசைத்தாள். மறுபடி உள்ளே போனபோது வேகத்துக்கு ஆசைப்படவில்லை. கோட்டோரம் பொறுமையாக நின்று, எட்டிப் பிடிக்க வந்த இருவரையும் காலால் தொட்டுவிட்டு வந்தாள்.

தேர்வானவர்களின் பெயர்களைப் படித்தபோது அவளுடையது கடைசியாக வந்தது.

"கடேசில வந்தா இன்னா, வந்துச்சில்ல," என்றாள் கலைமணி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் வாலாஜாபாத் வருமுன்னே மெர்சி தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது, தலை அம்மாவின் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. ஒரகடம் போனது. அவர்கள் இறங்க வேண்டிய சேரப்பணஞ்சேரி வந்தபோது கண்டக்டர் இரண்டு முறை குரல் கொடுத்தார்.

கலைமணி எழுந்திருக்கவில்லை. "படப்பைக்கு ரெண்டு டிக்கெட்டு குடுங்க," என்று மெதுவாக அடுத்த ஊருக்குக் கேட்டாள். "புள்ள தூங்குது."