மறைத்து வைத்த கோப்புறை

ஸ்டூடியோக் கணினியின் டி ட்ரைவ் இடம் நிறைந்து மூன்று நாளாகச் சிவந்து கிடந்தது. ஸ்டூடியோ முதலாளி றொகானுக்கு அது தெரியும். தெரிந்தும் ஒன்றையும் அழிக்கவில்லை. கலியாணம், சாமத்திய வீடு, செத்தவீடு என்று குருநகரிலும் சுற்றுவட்டாரத்திலும் எடுத்த வீடியோ எல்லாவற்றையும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கிலேயே அடைத்து வைப்பான். எடிட்டிங் செய்கிற றஜிதாதான் ஒவ்வொரு முறையும் இடம் தேடவேண்டும்.

அன்றைக்குக் கோயில் பங்குச் சபைச் செயலாளர் செபமாலை வந்து, பெருநாள் பவனி எடுத்த கமராக் கார்டுகளை மேசையில் வைத்தார்.

"பிள்ளை, உதுகளைக் கொப்பி பண்ணிப்போட்டுத் தா. பொடியளின்ரை கமரா, நாளைக்கு அவங்களுக்கு ஒரு கலியாணம் இருக்காம். கையோடை கொண்டு போகவேணும்."

"டிஸ்கிலை இடமில்லை அங்கிள். இருந்துகொள்ளுங்கோ, பாப்பம்."

றொகான் பண்டத்தரிப்புக்குப் போயிருந்தான். போன் எடுத்தபோது, "பழைய கலியாணம் ஏதும் கிடந்தா அழி பிள்ளை, வந்துகொண்டிருக்கிறன்" என்றான்.

ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. பவர்ஷெல்லைத் திறந்து, வழக்கமாக அடிக்கிற ஒற்றை வரியை அடித்தாள்.

Get-ChildItem D:\ -Recurse -File -ErrorAction SilentlyContinue | Sort-Object Length -Descending | Select-Object -First 20 Length, LastWriteTime, FullName

டி ட்ரைவில் உள்ள கோப்புகளை உள்ளுக்குள் உள்ளுக்குள் போய் எடு, திறக்க முடியாததைச் சத்தமில்லாமல் விடு, பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கு, முதல் இருபதை அளவோடும் கடைசியாய் மாற்றிய திகதியோடும் காட்டு. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கொஞ்ச நேரம் கறுப்பாக நின்றுவிட்டுப் பட்டியல் வந்தது. எல்லாம் அவள் அறிந்த கலியாணங்கள். ஆனால் கணக்கு இடித்தது. கண்ணுக்குத் தெரிந்த கோப்புறைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் டிஸ்கின் பாதிக்குக் கிட்டத்தான் வந்தது. மற்றப் பாதியை எது தின்றது?

மேல் அம்புக்குறியை அமத்தி அதே வரியைத் திரும்ப வரவழைத்தாள். -File என்பதற்குப் பக்கத்தில் -Force என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாள். அது இல்லாவிட்டால் மறைத்து வைத்த கோப்புறைக்குள் இந்தக் கட்டளை எட்டியும் பார்க்காது.

இந்த முறை மேலே வந்தவை அவள் அறியாத பெயர்கள். எல்லாம் D:\Sys என்ற ஒரே கோப்புறைக்குள் இருந்தன. மருதனார்மடம் சந்தி விபத்து ஒன்று. கிணற்றில் விழுந்த ஒரு பெண்பிள்ளை. அவற்றுக்கும் மேலே, முதலாவதாக, Jerome_Raw. அதற்கு அடுத்தது Jerome_Aandu_Final.

ஜெறோம் அவளுடைய அண்ணை. போன வருசம் கடலுக்குப் போய், படகு மட்டும் தனியே வந்தது. பிறகு அவனையும் கடல் கரைக்குக் கொண்டுவந்து போட்டது. ஆட்கள் தூக்கி வந்ததையும், சேலை விலகியது தெரியாமல் அம்மா மார்கிரட் மணலில் உருண்டதையும் றொகான் கிட்ட நின்று எடுத்துத் தன் யூடியூப் சனலில் போட்டான். ஊர் கொதித்தது. பங்கு மண்டபத்தில், இதே செபமாலைக்கும் மற்றவர்களுக்கும் முன்னால், சனலில் இருந்து எடுத்துவிட்டதாகவும் மூலப் பிரதியையும் அழித்துவிட்டதாகவும் மாதா பேரில் சத்தியம் செய்தான். அதை நம்பித்தான் அவள் இந்தக் கதிரையில் தொடர்ந்து இருந்தாள். வேறு வேலையும் இல்லை.

Final என்றதன் மாற்றிய திகதி போன ஞாயிறு. அடுத்த கிழமை அண்ணையின் ஆண்டுத்திவசம்.

திறக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திறந்தாள். சோகமான புல்லாங்குழல் இசை. பெரிய சிவப்பு எழுத்தில், 'முகம் மறைக்கப்படாத முழுக் காட்சி'. அதற்குக் கீழே சனலுக்குச் சந்தா சேரச் சொல்லி மணிப் படம் ஒன்று ஆடியது. அவள் மூடினாள். பிசுபிசுத்த இந்த விசைப்பலகையில்தான் அவன் இதைத் தட்டியிருக்கிறான். போன ஞாயிறு, மத்தியானம் அவள் கொண்டுவந்த கணவாய்க் கறியையும் நல்லாயிருக்கென்று வழித்துச் சாப்பிட்டிருந்தான்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி?" என்றார் செபமாலை.

"ஒண்டுமில்லை அங்கிள். இடம் கிடைச்சிட்டுது."

கோப்புறைக்குள் அவளுடைய ஆள் ஒருவன்தான். மற்றவர்கள் யாரோ பெற்றதுகள். அவர்களிடம் கேட்டு யாரும் படம் எடுக்கவில்லை. அவளும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

Remove-Item D:\Sys -Recurse -Force

அந்தக் கட்டளை குப்பைத் தொட்டிக்கு அனுப்பாது, நேரே அழிக்கும். ஆனாலும் அழித்த உடனே மீட்பு மென்பொருள் போட்டால் எடுத்துவிடலாம் என்பது அவளுக்குத் தெரியும். மேலே வேறு ஏதாவது எழுதப்பட்டால்தான் உண்மையில் போகும். டிஸ்கில் இப்போது இருக்கிற வெற்றிடம் அநேகமாக அந்தக் கோப்புகள் விட்ட இடம்தான். புதிதாக வருவது அங்கேதான் போய் உட்காரவேண்டும். முதல் கார்டைச் சொருகி, பவனியைக் கொப்பி பண்ண விட்டாள்.

இரண்டாவது கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போது றொகான் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தான்.

"உவ்வளவு இடம் எங்காலை வந்தது?"

"Sys எண்டொரு கோப்புறை கிடந்தது. அழிச்சிட்டன்."

அவன் முகம் வெளுத்துப் பிறகு கறுத்தது. சுவரோர வாங்கில் இருந்த செபமாலைக்குக் கேட்காதபடி குனிந்து அவள் காதடியில் சீறினான். "ஆரைக் கேட்டனி? என்ரை ஒரு வருச உழைப்படி அது."

வேறு பிரதி இருந்திருந்தால் இப்படிப் பதறமாட்டான். அந்தப் பதற்றமே அவளுக்குப் போதுமாயிருந்தது.

"நீங்கள்தானே சத்தியம் பண்ணினீங்கள், அழிச்சிட்டன் எண்டு. இல்லாததை நான் எப்பிடி அழிக்கிறது, றொகான் அண்ணை?"

"மெல்லமாக் கதை. ஆண்டுக்கு ஒரு நினைவாத்தான் போட இருந்தனான். வெளிநாட்டிலை இருக்கிற சனம் பாத்து உங்கடை குடும்பத்துக்கு உதவும். நல்லதுக்குத்தான்."

அவன் வாயிலிருந்து பாக்கு வாசனை வந்தது. அவள் கதிரையைப் பின்னால் தள்ளினாள்.

"அம்மாவின்ரை சேலை விலகினதும் நல்லதுக்கோ?"

றொகான் மவுஸைப் பிடித்துக் கொப்பி ஓடுகிற பெட்டியில் நிறுத்துகிற பொத்தானுக்கு நகர்த்தினான். எழுதுவதை நிறுத்தினால் மிச்சத்தைத் தோண்டி எடுக்கலாம், அது அவனுக்கும் தெரியும். அவள் தடுக்கவில்லை. செபமாலையின் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டாள்.

"அங்கிள், றொகான் அண்ணை பவனியை நிப்பாட்டப் போறாராம். நிப்பாட்டட்டோ?"

செபமாலை கண்ணாடியை மேலே தள்ளினார். "ஏன் தம்பி? என்னத்துக்கு நிப்பாட்டுறாய்?"

காரணம் சொல்வதென்றால் மறைத்து வைத்ததைச் சொல்லவேண்டும். பங்கு மண்டபத்தில் சொன்னது பொய் என்று, அதைக் கேட்டிருந்த ஆளுக்கே சொல்லவேண்டும். சொன்னால் பெருநாள் வேலையும் இல்லை, ஊர்க் கலியாண வேலையும் இல்லை. றொகான் சிரிக்கப் பார்த்தான். அது வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது.

"இல்லை அங்கிள். உவள் பகிடி விடுறாள். ஓடட்டும்."

மவுஸை விட்டுவிட்டுக் கதவடியில் போய் நின்று போனை நோண்டினான். பச்சைக் கோடு மெதுவாக நிரம்பியது. றஜிதா மூன்றாவது கார்டையும் போட்டாள், நாலாவதையும் போட்டாள். சொரூபம் சுமந்த தண்டும் மெழுகுதிரிகளும் கடற்கரைத் தெருவும் டிஸ்கில் ஒவ்வொன்றாக இறங்கின. டி ட்ரைவ் திரும்பவும் சிவந்தபோதுதான் அவள் முதுகைச் சாய்த்தாள்.

செபமாலை கார்டுகளை எண்ணிச் சட்டைப் பையில் போட்டார். "ஜெறோமின்ரை ஆண்டுப் பூசை ஆறு மணிக்குத்தானே? அம்மாட்டைச் சொல்லு, நான் வாறன்."

"ஓம் அங்கிள்."

அவர் போனதும் றொகான் போனிலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டான். "பவனியை எப்ப எடிட் பண்ணத் தொடங்குறாய்?"

ஒன்றுமே நடக்காதது போலக் கேட்டான். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

"வேறை ஆளைப் பாருங்கோ," என்று ஸ்டூடியோச் சாவியை மேசையில் வைத்தாள். வெளிக்குழாயில் சவர்க்காரம் போட்டு இரண்டு கையையும் கழுவினாள். விரல்களை மணந்து பார்த்தாள். திரும்பவும் கழுவினாள்.